உஷார்! ஸ்டில்லில் மின்னும் பாட்டில், சுற்றினால் பல்லிளிக்கும்

பிளெண்டரில் ஒரு ஸ்டீல் வாட்டர் பாட்டிலை அச்சு அசலாகச் செய்துவிட்டீர்கள். F12 தட்டிப் பார்த்தால் கடையில் வாங்கி வைத்தது போலவே இருக்கிறது. வாட்ஸப்பில் அனுப்பியதும் கடைக்காரரிடமிருந்து பதில் வருகிறது: "சூப்பர் தம்பி, இதையே சுத்துற மாதிரி ஒரு வீடியோ வேணும், நாளைக்குக் காலையில போடணும்." ராத்திரி ரெண்டரைப் போட்டுவிட்டுப் படுக்கப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்!

ஒரே ஒரு படத்தில் தெரியாத குற்றங்கள் பல, பொருள் சுற்ற ஆரம்பித்த பிறகுதான் தெரியும். விளிம்பு துடிக்கும், பாட்டில் தள்ளாடும், சுற்றுக்கு ஒருமுறை விக்கும். இன்ஸ்டாகிராம் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதால், ஒருமுறை பார்த்தால் தப்பித்துவிடக்கூடிய பிழைகூட பத்து முறை கண்ணில் குத்தும். நான்கு மணி நேரம் ரெண்டர் ஆன பிறகு இதைக் கண்டுபிடித்துப் பயனில்லை.

கையில் இருப்பது 7 செ.மீ. அகலம், 22 செ.மீ. உயரமுள்ள ஒரு பாட்டில் என்று வைத்துக்கொள்வோம். மூடியில் ஒரு பக்கமாகச் சாய்ந்த வளையப் பிடி, உடம்பில் ஒரு லேபிள். ரீல்ஸுக்கான 1080×1920 சட்டத்தில் பாட்டில் ஏறக்குறைய 500 பிக்சல் அகலம் வருகிறது. இந்த 500-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சொல்லும் கணக்கெல்லாம் இதை வைத்துத்தான்.

முதலில் சிலிண்டர். பிளெண்டரில் Shift+A போட்டு சிலிண்டர் எடுத்தால் அது வட்டமாக வராது, 32 பக்கமுள்ள பட்டைக் கம்பமாகத்தான் வரும். Shade Smooth கொடுத்தவுடன் மேற்பரப்பு வழவழவென்று ஆகிவிடுவதால் பலரும் அதோடு விட்டுவிடுகிறார்கள். ஆனால் Shade Smooth ஒளியை மட்டும்தான் ஏமாற்றும், வெளிக்கோட்டைத் தொடாது. 32 பக்கத்தில் முனைக்கும் பட்டையின் நடுவுக்கும் ஆரத்தில் கிட்டத்தட்ட அரை சதவீத வித்தியாசம் இருக்கிறது. நம் பாட்டிலின் ஆரம் 250 பிக்சல், ஆக வித்தியாசம் 1.2 பிக்சல். நிற்கும் படத்தில் இதை யாராலும் பார்க்க முடியாது. சுற்றும்போது ஒவ்வொரு முனையும் ஓரத்தைக் கடக்கையில் விளிம்பு 1.2 பிக்சல் வெளியே வந்து உள்ளே போகும். ஒரு சுற்றில் 32 முறை! பாட்டிலின் இரண்டு ஓரமும் மெலிதாக அதிர்வது போலத் தெரியும். பார்ப்பவருக்கு என்ன கோளாறு என்று சொல்லத் தெரியாது, "என்னமோ மட்டமா இருக்கு" என்பார். சிலிண்டரைச் சேர்த்தவுடன் இடது கீழ் மூலையில் வரும் பெட்டியில் Vertices என்ற இடத்தில் 128 போடுங்கள். வித்தியாசம் ஒரு பிக்சலில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். லேபிளுக்குத் தனி சிலிண்டர் வைக்கிறீர்கள் என்றால் அதற்கும் 128 பக்கம்தான். பாட்டிலின் மேற்பரப்போடு அது அப்படியே ஒட்டி நிற்கவும் கூடாது. இரண்டு பரப்பு ஒரே இடத்தில் இருந்தால் சுற்றும்போது லேபிளில் கறுப்புத் திட்டுகள் மின்னி மறையும். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியே போதும்.

அடுத்தது அச்சு. பாட்டிலைத் தேர்ந்தெடுத்து Set Origin → Origin to Geometry கொடுத்தால் நடு மையம் கிடைத்துவிடும் என்று நம்புகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்த அந்த வளையப் பிடி இருக்கிறதே, அதில் நிறையப் புள்ளிகள் இருக்கும். பிளெண்டர் எல்லாப் புள்ளிகளையும் சேர்த்துச் சராசரி எடுப்பதால் மையம் பிடிப் பக்கம் நகர்ந்துவிடும். 3 மில்லிமீட்டர் நகர்ந்தாலே போதும். நம் கணக்கில் அது 21 பிக்சல். அரைச் சுற்றில் பாட்டில் 21 பிக்சல் இந்தப் பக்கம், மறு அரைச் சுற்றில் 21 பிக்சல் அந்தப் பக்கம், ஆக மொத்தம் 42 பிக்சல் ஊசலாட்டம். தண்ணி அடித்த பாட்டில் மாதிரி ஆடும்.

பிடியைக் கணக்கில் சேர்க்காமல் மையம் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. Edit Mode-க்குப் போய் பாட்டிலின் அடி வட்டத்தை மட்டும் Alt அழுத்திச் சொடுக்கித் தேர்ந்தெடுங்கள். Shift+S → Cursor to Selected. இப்போது 3டி கர்சர் சரியாக அடி வட்டத்தின் நடுவில் நிற்கும். Object Mode-க்குத் திரும்பி அந்த இடத்தில் ஒரு Empty சேருங்கள். பாட்டில், மூடி, லேபிள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, கடைசியாக Empty-யைத் தேர்ந்தெடுத்து, Ctrl+P → Object (Keep Transform). இனி சுற்றப்போவது Empty மட்டும்தான், மற்றவை அதோடு சேர்ந்து வரும். அவசரத்தில் A தட்டி விளக்குகளையும் கேமராவையும் சேர்த்து இதில் கட்டிவிடாதீர்கள். எல்லாமே ஒன்றாகச் சுற்றினால் எதுவுமே சுற்றாதது போலத்தான் இருக்கும். மேலிருந்து பார்க்கும் கோணத்தில் (எண் பலகையில் 7) ஓட்டிப் பாருங்கள். உடம்பின் வட்டம் அசையாமல் நிற்க வேண்டும், பிடி மட்டும் கடிகார முள் போலச் சுற்ற வேண்டும்.

இப்போது சுழற்சிக்கு வருவோம். விக்கல் இங்கேதான் பிறக்கிறது, அதுவும் ஒன்றல்ல.

முதலில் வேகத்தை முடிவு செய்யுங்கள். வினாடிக்கு 24 ஃபிரேம் வைத்து ஐந்தே வினாடியில் ஒரு சுற்று என்றால் 120 ஃபிரேம், ஒரு ஃபிரேமுக்கு 3 டிகிரி. பாட்டிலின் முன்பக்கத்தில் இருக்கும் எழுத்து ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 13 பிக்சல் தாவும். கடையின் பெயரைப் படிக்க முடியாது, எழுத்து துள்ளும். 30 ஃபிரேமில் எட்டு வினாடி என்றால் 240 ஃபிரேம், ஒன்றுக்கு 1.5 டிகிரி, தாவல் 6.5 பிக்சல். கண்ணுக்கு இது சுகமாக இருக்கும். பிளெண்டர் திறக்கும்போது 24-தான் இருக்கும். கீஃபிரேம் போடுவதற்கு முன்பே Output பக்கத்தில் Frame Rate-ஐ 30 ஆக்கிவிடுங்கள், பிறகு மாற்றினால் எட்டு வினாடிக் கணக்கு குழம்பும்.

Empty-யின் Rotation Z-ஐ 1-வது ஃபிரேமில் 0 என்று வைத்து, அதன் மேல் சுட்டியை வைத்து I தட்டுங்கள். அடுத்த கீஃபிரேம் எங்கே? 240-ல் 360 போட்டால் மாட்டிக்கொண்டீர்கள்! 0 டிகிரியும் 360 டிகிரியும் ஒரே படம். 240-வது ஃபிரேமும் 1-வது ஃபிரேமும் ஒன்றாகிவிடுவதால் வீடியோ திரும்ப ஆரம்பிக்கும் இடத்தில் பாட்டில் ஒரு ஃபிரேம் நேரம் நின்று போகும். 360-ஐ 241-வது ஃபிரேமில் போட்டு, ரெண்டரை 240-லேயே நிறுத்துங்கள். 241-வது படம் தேவையே இல்லை, அதன் வேலையை அடுத்த சுற்றின் 1-வது படம் பார்த்துக்கொள்ளும்.

அந்த End எண்ணைத் தொடாமல் விடுவது இன்னும் மோசம். பிளெண்டர் தானாக வைத்திருப்பது 250. 241-க்குப் பிறகு கீஃபிரேம் இல்லாததால் கடைசி பத்து ஃபிரேமும் பாட்டில் சிலையாக நிற்கும். ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம், அதாவது யாருக்கும் பளிச்சென்று தெரியும் அளவு.

அடுத்து Bezier. நீங்கள் போடும் கீஃபிரேம்களுக்கு இடையே பிளெண்டர் தானாக மெதுவாகத் தொடங்கி, நடுவில் வேகம் பிடித்து, மெதுவாக முடியும் வளைவைப் போடுகிறது. பந்து உருட்டுவதற்கு அது சரி. சுழல் மேடையில் வைத்த பொருளுக்கு அது விஷம். எட்டு வினாடிக்கு ஒருமுறை பாட்டில் தயங்கித் தயங்கி நிற்கும், பிறகு கிளம்பும். Graph Editor-ல் இரண்டு கீஃபிரேமையும் தேர்ந்தெடுத்து T தட்டி Linear கொடுங்கள். வளைவு நேர்கோடாகிவிடும்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தால், மோஷன் பிளர் போட்டவர்களுக்கு இன்னொரு பொறி காத்திருக்கிறது. எழுத்து துள்ளாமல் இருக்க மோஷன் பிளர் நல்லதுதான், நானும் போடச் சொல்வேன். Shutter 0.5 என்றால் ஒவ்வொரு படத்துக்கும் பிளெண்டர் அந்த ஃபிரேமுக்குக் கால் ஃபிரேம் முன்னேயும் கால் ஃபிரேம் பின்னேயும் நடக்கும் அசைவைப் பார்த்துக் கலங்கலாக்கும். 1-வது ஃபிரேமுக்கு முன்னே என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை, பாட்டில் நிற்கிறது. அதனால் அந்த ஒரு படம் மட்டும் பாதிக் கலங்கலோடு, மற்ற 239-ஐவிடக் கூர்மையாக வரும். ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தில் லேபிள் ஒரு கணம் வெட்டினாற்போல் தெரியும். காரணம் தெரியாமல் கம்ப்யூட்டரை மாற்ற நினைக்கிற அளவுக்குப் போனவர்கள் உண்டு. தீர்வு ஒரு நொடி வேலை: Graph Editor-ல் Shift+E → Linear Extrapolation. நேர்கோடு இரண்டு பக்கமும் முடிவில்லாமல் நீளும், 1-க்கு முன்பும் பாட்டில் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

சரி, சுழற்சி சீராகிவிட்டது. இனிதான் பெரிய ஆபத்து. இதைச் சொல்லாமல் விடும் பாடங்கள்தான் அதிகம்.

ஸ்டீல் பாட்டிலுக்கு Principled BSDF-ல் Metallic 1, Roughness 0.25, நிறம் வெளிர் சாம்பல். இரண்டு பக்கமும் இரண்டு நீளமான Area விளக்கு. ஓட்டிப் பாருங்கள். பாட்டில் சுற்றாது! லேபிள் மட்டும் நின்றுகொண்டிருக்கும் பாட்டிலின் மேல் வழுக்கிக்கொண்டு போகும், மூடியின் பிடி தனியாகச் சுற்றும். கீஃபிரேம் தப்பில்லை. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும் உருளையைச் சுற்றினால், விளக்கும் கேமராவும் அசையாதபோது அதன் மேல் விழும் பளபளப்பும் அசையாது. உலோகம் தன் சொந்த முகத்தைக் காட்டுவதில்லை, எதிரில் இருப்பதைத்தான் காட்டுகிறது. எதிரில் இருக்கும் விளக்கு நகரவில்லை என்றால் பிம்பமும் நகராது. கைப்பிடி உள்ள பீங்கான் கப்புக்கோ செருப்புக்கோ இந்தத் தொல்லை இல்லை. பாட்டில், டம்ளர், தூக்கு, க்ரீம் டப்பா, உதட்டுச்சாயக் குழல் என்று உருளை வடிவில் விற்கும் எல்லாவற்றுக்கும் உண்டு.

கேமராவைச் சுற்றவிட்டால் போகாதா என்று கேட்பீர்கள். போகும், ஆனால் வேறு வினை வரும். கேமரா பின்பக்கம் போகும்போது பின்னணித் திரையின் விளிம்பு சட்டத்துக்குள் வரும், பாதிச் சுற்றில் லேபிள் இருட்டில் போய்விடும். கடைக்காரருக்கு வேண்டியது எந்த நேரத்திலும் நன்றாக வெளிச்சம் விழுகிற பொருள். அதனால் பொருளைத்தான் சுற்ற வேண்டும், அதன் தோலில் சுற்றுவதைக் காட்டும் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும்.

உண்மையான ஸ்டீல் பாட்டிலை ஜன்னலோரம் வைத்துத் திருப்பிப் பாருங்கள். கை பட்ட மங்கல், உற்பத்தியில் வந்த மிக லேசான மேடு பள்ளம், இவை பளபளப்புக் கோட்டைக் கடக்கும்போது கோடு சற்று நெளியும். அதை வைத்துத்தான் அது சுற்றுகிறது என்று கண் நம்புகிறது. பிளெண்டரில் இதையே செய்யலாம். ஒரு Noise Texture, அதன் வெளியீட்டை Map Range வழியாக 0.22-க்கும் 0.32-க்கும் இடையே குறுக்கி, Roughness-ல் சொருகுங்கள். திட்டுகள் இரண்டு மூன்று செ.மீ. அளவில் பெரிதாக இருக்கட்டும். பொடியாக இருந்தால் அழுக்கு மாதிரி தெரியும். Noise Texture-க்கு Texture Coordinate-ன் Object வெளியீட்டைக் கொடுங்கள். தவறி Window அல்லது Camera-வைக் கொடுத்தால் திட்டுகள் திரையோடு ஒட்டிக்கொண்டு நிற்கும், பாட்டில் அவற்றுக்கு அடியில் சுற்றும், கதை பழையபடிதான்.

இதில் ஒரு புத்திசாலித்தனமான தவறு உண்டு. "பிரஷ்டு ஸ்டீல்" வேண்டும் என்று பாட்டிலைச் சுற்றிக் கிடைமட்டமாக மெல்லிய கோடுகள் போடுவார்கள். அழகாகத்தான் இருக்கும். ஆனால் வளையம் வளையமாகப் போகும் கோடு சுற்றினாலும் அதே வளையம்தான். சுழற்சியைக் காட்ட அது துளியும் உதவாது. அந்தக் கோடுகளோடு மேலே சொன்ன பெரிய திட்டுகளையும் சேர்த்தால்தான் வேலைக்கு ஆகும். பாட்டிலின் பின்பக்கம் சிறிய முத்திரையோ கொள்ளளவு எழுத்தோ இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். லேபிள் மறைந்திருக்கும் அந்த மூன்று நான்கு வினாடியில் கண்ணுக்குப் பிடிமானம் அது ஒன்றுதான்.

விளக்குக்கு அதிகம் வேண்டாம். பிளெண்டர் திறக்கும்போது இருக்கும் விளக்கை முதலில் அழியுங்கள். அது 1000 வாட், 22 செ.மீ. பாட்டிலின் பக்கத்தில் கொண்டுவந்தால் எல்லாம் வெளுத்துவிடும். இடப்பக்கம் பாட்டிலைவிட மூன்று நான்கு மடங்கு உயரமான, குறுகிய ஒரு Area விளக்கு. வலப்பக்கம் அதைவிட ஒல்லியாக, பாதிக்கும் குறைவான வெளிச்சத்தில் இன்னொன்று. மூடிக்கு மேலே சதுரமாக ஒன்று. இந்த அளவில் சில வாட்களிலேயே தொடங்கி, பளபளப்புக் கோடு வெள்ளையை நெருங்கும்வரை ஏற்றுங்கள், தாண்ட வேண்டாம். உயரம் ஏன் முக்கியம் என்றால், விளக்கு குட்டையாக இருந்தால் அதன் பிம்பம் பாட்டிலின் நடுவில் வெட்டிக்கொண்டு முடியும். HDRI படத்தைப் பின்னணியாகப் போடுகிறவர்களும் கவனம்: யாரோ ஒருவர் வீட்டு ஜன்னலும் சோபாவும் உங்கள் பாட்டிலில் தெரியும், எட்டு வினாடியும் அங்கேயே நிற்கும்.

நிறத்திலும் ஒரு எச்சரிக்கை. பிளெண்டர் 4.0 முதல் Color Management-ல் View Transform தானாகவே AgX-ல் இருக்கிறது. சினிமா வெளிச்சத்துக்கு அருமை. ஆனால் லேபிளின் அடர் சிவப்பு அதில் வெளிறும், வெள்ளைப் பின்னணி சாம்பலாகும். "எங்க சிவப்பு இது இல்லையே" என்று கடைக்காரர் கேட்பார், அவர் சொல்வதும் சரி. இந்த மாதிரி வேலைக்கு Standard-க்கு மாற்றிவிடுங்கள். அதில் வெளிச்சம் மீறினால் சட்டென்று வெந்துபோகும், ஆகவே விளக்குகளை மறுபடி இறக்கிச் சரிபாருங்கள்.

ரெண்டருக்கு முன் கடைசியாகப் புள்ளி இரைச்சல். Cycles-ல் Samples குறைவாக வைத்து Denoise-ஐ நம்பினால் நிற்கும் படம் பட்டுப்போல வரும். ஆனால் டீனாய்சர் ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாக ஊகித்துத் துடைக்கிறது. ஊகம் படத்துக்குப் படம் மாறுவதால் ஸ்டீலின் நிழல் பகுதியில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு நெளிவு வரும். கண்டுபிடிக்க முழு வீடியோ தேவையில்லை. கேமராப் பார்வையில் Ctrl+B போட்டு லேபிளும் நிழலும் சேர்ந்த ஒரு சிறு கட்டத்தை மட்டும் வரைந்து, 60, 61, 62 ஆகிய மூன்று ஃபிரேமை மூன்று Slot-களில் ரெண்டர் செய்யுங்கள். படச் சாளரத்தில் J தட்டி மாற்றி மாற்றிப் பாருங்கள். திட்டு இடம் மாறினால் Samples-ஐ இரட்டிப்பாக்கி மறுபடி பாருங்கள். Seed-க்குப் பக்கத்தில் இருக்கும் கடிகாரக் குறியை அழுத்தி வைப்பதும் நல்லது. இல்லாவிட்டால் எல்லாப் படத்திலும் ஒரே இரைச்சல் அதே இடத்தில் நிற்கும், அழுக்குக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல இருக்கும். சோதனை முடிந்ததும் Ctrl+Alt+B தட்டி அந்தக் கட்டத்தை நீக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் 240 படத்திலும் அந்தக் கட்டம் மட்டும்தான் ரெண்டர் ஆகும்!

இதெல்லாம் சரியான பிறகு, Resolution-ஐ 25 சதவீதமாகக் குறைத்து, Samples 32 வைத்து, 240 ஃபிரேமையும் ஒருமுறை ஓட்டி எடுங்கள். சில நிமிட வேலை. அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தால் விக்கலும் தள்ளாட்டமும் தப்ப முடியாது.

முழு ரெண்டருக்கு ஒரு படம் 40 வினாடி என்றால் 240 படத்துக்கு 2 மணி 40 நிமிடம். Performance-ல் Persistent Data-வை அழுத்தி வைத்தால் ஒவ்வொரு படத்துக்கும் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றும் நேரம் மிச்சம். நேராக MP4-ஆக எடுக்காதீர்கள், சொல்லிவிட்டேன்! 150-வது படத்தில் கரண்ட் போனால் அந்த MP4 திறக்கவே திறக்காது, அதுவரை ஓடியதெல்லாம் வீண். PNG படங்களாக எடுத்தால் எடுத்தவரை பத்திரமாக இருக்கும். 150-வது படம் பாதியில் அறுந்திருக்கலாம், அங்கிருந்தே தொடர வைக்கலாம்:

```
blender -b bottle.blend -s 150 -e 240 -a
```

இதில் வரிசை முக்கியம். -a என்பதை முன்னால் போட்டுவிட்டால், பின்னால் வரும் எண்களைப் பார்ப்பதற்கு முன்பே பிளெண்டர் 1-லிருந்து ரெண்டரைத் தொடங்கிவிடும்.

படங்கள் எல்லாம் வந்ததும் பிளெண்டரின் Video Sequencer-ல் போட்டு, Container MPEG-4, Codec H.264 என்று வைத்து வீடியோவாக்குங்கள். புதிதாக ஒரு கோப்பைத் திறந்து இதைச் செய்தால் அங்கே Frame Rate மறுபடி 24, End மறுபடி 250, View Transform மறுபடி AgX என்று இருக்கும். மூன்றையும் மாற்றாமல் விட்டால் எட்டு வினாடி வீடியோ பத்து வினாடிக்கு மேல் இழுக்கும், கடைசியில் பத்து ஃபிரேம் கறுப்பாக வரும், கஷ்டப்பட்டுக் காப்பாற்றிய சிவப்பு மறுபடி வெளிறிவிடும். Output Quality-யை High-க்குக் கீழே இறக்காதீர்கள், குறைத்தால் வெளிர் பின்னணியில் பட்டை பட்டையாகக் கோடு விழும். ஏற்றுவதற்கு முன் கம்ப்யூட்டரில் மட்டும் பார்க்காமல், கடைக்காரர் எதில் பார்ப்பாரோ அந்த மாதிரி ஒரு ஃபோனில் போட்டு, முழு வெளிச்சத்தில், நான்கு ஐந்து சுற்று ஓடவிட்டுப் பாருங்கள்.